ஒரு மாதம் காலியாக விடுவதா, வாடகையைக் குறைப்பதா? கணக்குப் போடும் முறை

சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்கு 20,000 ரூபாய் வாடகை சொல்கிறீர்கள். மெயின்டெனன்ஸ் 2,500 தனி. ஜூலை 1-ஆம் தேதியே குடிவரத் தயாராக உள்ளவர் 18,500 தான் தருவேன் என்கிறார். அக்ரிமென்ட் 11 மாதம்.

முதலில், வீடு காலியாக இருந்தால் ஒரு நாளைக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். வாடகை வராது, குடியிருப்பவர் கட்டவேண்டிய மெயின்டெனன்ஸும் உங்கள் தலையில் விழும். ஆக 22,500, முப்பதால் வகுத்தால் நாளுக்கு 750. வாடகையிலேயே மெயின்டெனன்ஸ் அடக்கம் என்றால் அதைக் கூட்டாதீர்கள். வீடு நிரம்பினாலும் அதைக் கட்டுவது நீங்கள்தான். பெயின்ட் செலவும் அப்படியே, யார் வந்தாலும் உண்டு.

அடுத்து தள்ளுபடி: 1,500 × 11 = 16,500. இதை 750-ஆல் வகுத்தால் 22. ஜூலை 1-லிருந்து 22 நாளுக்குள் முழு வாடகைக்கு ஆள் குடிவந்தால் காத்திருப்பது லாபம். அட்வான்ஸ் கொடுத்த நாள் கணக்கில்லை, வாடகை ஓடத் தொடங்கும் நாள்தான் கணக்கு.

இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம், ஷீட்டில் ஒரே வரி போதும். B1 கேட்கும் வாடகை, B2 அவர் தருவது, B3 மெயின்டெனன்ஸ், B4 மாதங்கள்:

```
=(B1-B2)*B4/((B1+B3)/30)
```

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 11 மாதம் முடிந்ததும் வாடகை 20,000-க்குத் திரும்பாது. 5 சதவீதம் ஏற்றினாலும் 18,500 என்பது 19,425 ஆகும். 20,000 ஆக இருந்திருந்தால் 21,000 ஆகியிருக்கும். மாதம் 1,575 வித்தியாசம், 11 மாதத்துக்கு 17,325. அவர் 22 மாதம் இருந்தால் மொத்தத் தள்ளுபடி 33,825. அதற்கு ஈடான காலி நாட்கள் 45. நீண்ட நாள் இருக்கக்கூடிய குடும்பம் என்றால் இந்த 45-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, 45 நாளுக்குள் ஆள் வருவாரா என்பதுதான் கேள்வி. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் பலர் சம்மதிப்பதில்லை. ஜூலை முதல் இரண்டு வாரத்தில் ஆள் அமையாவிட்டால் ஆவணி பிறக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 47 நாள், வீடு பூட்டிக் கிடக்கலாம். எனவே இந்த ஆளை விடக்கூடாது. இதே பேச்சு ஜூன் 1-ல் வந்திருந்தால் ஆடிக்கு முன் ஆறு வாரம் கையில் இருக்கும்; அப்போது காத்திருக்கலாம். ஆனால் விளம்பரம் போட்டு இரண்டு வாரமாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், 20,000 அந்தத் தெருவின் வாடகையே அல்ல. B1-ல் அக்கம்பக்கத்தில் உண்மையில் கொடுக்கும் வாடகையைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மாத வாடகை 20,000 என்றே இருக்கட்டும், முதல் மாதம் மட்டும் 10,000 தந்தால் போதும். உங்களுக்கு இது 13 நாள் காலிச் செலவுதான், அடுத்த ஏற்றமும் 20,000-த்தின் மேல் வரும். அக்ரிமென்டில் வாடகை 20,000 என்றும், முதல் மாதச் சலுகை ஒரு முறை மட்டும் என்றும் தனித்தனி வரியாக எழுதிவிடுங்கள்.