மேல்கைப் பட்டையா, மணிக்கட்டுக் கருவியா?

வீட்டில் முதியவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க, மேல்கையில் பட்டை சுற்றும் கருவியையே வாங்குங்கள்; மணிக்கட்டுக் கருவி கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அளக்கும் இடம் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மேசையில் கையை வைத்தாலே மேல்கை ஏறக்குறைய அந்த மட்டத்துக்கு வந்துவிடும். மணிக்கட்டோ பெரும்பாலும் மடியில் கிடக்கும். அது 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு சுமார் 8 புள்ளி கூடும், 20 செ.மீ. என்றால், 130 உள்ளவருக்கு 145 காட்டும். நடுங்கும் கையை நெஞ்சுயரத்தில் அசையாமல் பிடிப்பதும் முதுமையில் எளிதல்ல.

பெரிய பட்டையும் எட்டாத அளவுக்குக் கை பருத்தவர்களுக்கும், மேல்கையை இறுக்கினால் வலி தாங்காதவர்களுக்கும் மேல்கைக் கருவி பொருந்தாது. அவர்கள் மணிக்கட்டைத் தலையணை மீது நெஞ்சுயரத்தில் வைத்து அளக்கலாம்; முதலில் மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.