போட்டோவில் வந்த மருந்துச் சீட்டு: வரியின் வலது ஓரத்திலிருந்து படியுங்கள்

டி.பார்ம் முடித்துவிட்டு 500 மணி நேரப் பயிற்சிக்காக ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சீட்டைத் தப்பாகப் படித்தேன். கடை அக்கா பார்த்துவிட்டதால் மாத்திரை வெளியே போகவில்லை. அந்தச் சீட்டை வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். BD என்றால் இரண்டு வேளை, TDS என்றால் மூன்று வேளை என்பது உங்களுக்கு வகுப்பிலேயே வந்திருக்கும், அதற்குள் போகவில்லை. எழுத்து மங்கலாக இருக்கும்போது, அது BD தானா என்று எப்படி முடிவுசெய்வது என்பதுதான் என் சிக்கலாக இருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோவைப் பார்த்துப் படித்துப் பழகலாம், மருந்தை எடுத்து வைக்கலாம். கொடுப்பதற்கு முன் அசல் சீட்டு கைக்கு வர வேண்டும்.

படி 1: படத்தைச் சரிசெய்வது

போட்டோ அனுப்புகிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தாளின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். மடிப்பை நீவிவிட்டு எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்புவதில் சின்ன எழுத்தெல்லாம் குழம்பிவிடும். வகுப்புத் தோழர்களுக்குப் பயிற்சிக்காக அனுப்புவதாக இருந்தால் நோயாளி பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிடுங்கள். வயதை மறைக்காதீர்கள், டோஸ் சரிபார்க்க அது வேண்டும்.

ஸ்கேன் ஆப்களில் வரும் கறுப்பு வெள்ளை வடிகட்டி எனக்குப் பிடிக்காது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தாளில் உள்ள தூசியை அழிக்கும்போது சின்னப் புள்ளியையும் தூசி என்றே நினைத்து அழித்துவிடும். என் சீட்டில் 7.5 என்று இருந்தது, வடிகட்டிய படத்தில் 75 ஆகிவிட்டது. அந்த மருந்தில் 75 மில்லிகிராம் மாத்திரையே கிடையாது என்பதால் சந்தேகப்பட்டு அசல் படத்துக்குப் போனேன். 75 என்றொரு மாத்திரை இருந்திருந்தால் அப்போது சந்தேகமே வந்திருக்காது. ஆகவே எண்களை எப்போதும் வண்ணப் படத்தில்தான் படிக்க வேண்டும்.

நீல மையின் மேல் சிவப்பு முத்திரை விழுந்திருந்தால் மட்டும் ஒரு வேலை செய்வேன். படத்தின் சிவப்பு அடுக்கைத் தனியாகப் பிரித்தால் முத்திரை வெளிறிப்போய், நீல எழுத்து கறுப்பாக நிற்கும். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரி போதும்:

```
magick rx.jpg -channel R -separate red.png
```

இதிலும் புள்ளியை அசல் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 2: தெரிந்ததை மட்டும் எழுதிக்கொள்வது

ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். தெளிவாகத் தெரியும் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு, மற்றதற்குக் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்ததை எழுதக் கூடாது. எழுதிவிட்டால் அடுத்த முறை பார்க்கும்போது கண் அதையே படத்திலும் காணும். என் சீட்டு முதலில் இப்படித்தான் இருந்தது:

```
1. T. MTX 7.5   O? ( ?  )   x 4/52   #4
2. T. FA 5      O? ( ?  )   x 4/52   #4
3. T. HCQ 200   0-0-1 p/c   x 4/52   #28
4. T. Pan 40    1-0-0 a/c   x 2/52   #14
5. T. PCM 650   SOS         #10
```

அடைப்புக்குறிக்குள் இருந்தது தாளின் மடிப்பில் போய்விட்டது. O-வுக்கு அடுத்த எழுத்து ஒரு சுழிப்பு. இப்போது இவ்வளவு ஒழுங்காகக் கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறேன். அன்றைக்கு நான் அதை OD என்றே படித்தேன், அதாவது தினம் ஒரு வேளை. சீட்டுகளில் அதிகம் கண்ணில் படுவது OD தானே. அடுத்த வரியில் இருந்த ஃபோலிக் ஆசிட் தினமும் கொடுக்கப்படுகிற மாத்திரைதான் என்பதால், அது OD என்று படிக்கும்போது உறுத்தவே இல்லை. அது உறுத்தாததால் மேல் வரியும் உறுத்தவில்லை.

படி 3: வலது ஓரத்திலிருந்து கணக்குப் போடுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நாம் இடமிருந்து வலமாக, மருந்துப் பெயரில் தொடங்கிப் படிக்கிறோம். பெயரைக் கண்டுபிடித்ததும் மனம் நிறைந்துவிடுகிறது, மீதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வரியின் வலது ஓரத்தில் எத்தனை நாள் என்பதும் மொத்தம் எத்தனை மாத்திரை என்பதும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் வெறும் எண்கள், எழுத்தைவிடப் படிக்க எளிது. அவற்றை முதலில் படியுங்கள்.

நாளைக் குறிக்கும் அந்தப் பின்னத்தில் கீழே இருக்கும் எண்தான் அலகு. வாரத்தில் 7 நாள், ஆண்டில் 52 வாரம், ஆண்டில் 12 மாதம். ஆகவே 5/7 என்றால் ஐந்து நாள், 4/52 என்றால் நான்கு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். 5/7 என்பதை வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விடுவது என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஐந்து நாள் தொடர்ந்து சாப்பிட்டு நிறுத்துவது.

அப்புறம் பெருக்குங்கள். மூன்றாம் வரி: இரவு ஒன்று, 28 நாள், மொத்தம் 28. பக்கத்தில் #28 இருக்கிறது, பொருந்துகிறது. நான்காம் வரி: காலை ஒன்று, 14 நாள், #14. அதுவும் பொருந்துகிறது. இந்த இரண்டு வரியிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: இந்த டாக்டர் மொத்த எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

இப்போது முதல் வரிக்கு வாருங்கள். OD என்றால் நான்கு வாரத்துக்கு 28 மாத்திரை வேண்டும். எழுதியிருப்பது #4. நான் 28 எடுத்து வைத்திருந்தேன். அக்கா பட்டையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "தம்பி, நாலு மாத்திரைய நாலு வாரத்துக்குத் தினமும் எப்படிப்பா சாப்பிடுவாங்க?" என்றார்.

28 நாளை 4 மாத்திரையால் வகுத்தால் ஏழு நாளைக்கு ஒன்று. அந்தச் சுழிப்பு D இல்லை, W. வாரம் ஒருமுறை என்பதை அந்த டாக்டர் OW என்று எழுதியிருந்தார். அடைப்புக்குறிக்குள் கிழமை. இது எல்லோரும் ஏற்ற சுருக்கம் இல்லை, உங்கள் பாடப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் எழுத்தை முறைத்துப் பார்ப்பதைவிடக் கணக்கை நம்புகிறேன்.

படி 4: மருந்தைக் கேட்டுப் பார்ப்பது

கணக்குச் சொன்ன பதிலை மருந்தின் இயல்போடு ஒட்டிப் பாருங்கள். MTX என்பது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறைதான் கொடுப்பார்கள். தினமும் சாப்பிட்டால் வாரத்துக்கு 7.5 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 52.5 போகும். வாய்ப்புண் வரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறையும். இந்தத் தவறால் உயிர் போனதும் உண்டு.

மருந்துப் பெயரையே சுருக்கி எழுதுவது ஆபத்தான பழக்கம். MTX என்பதை மைட்டோசான்ட்ரோன் என்று படித்துவிட முடியும். இங்கே மற்ற வரிகள் துணைக்கு வருகின்றன. அடுத்த வரியில் ஃபோலிக் ஆசிட், அதற்கடுத்து ஹைட்ராக்சிகுளோரோகுவின். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் மூட்டுவாதச் சிகிச்சை என்று ஓரளவு சொல்லிவிடலாம். மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்கத்தான் ஃபோலிக் ஆசிட், பெரும்பாலும் அதை வேறொரு கிழமையில் சாப்பிடச் சொல்வார்கள். ஆக இரண்டாம் வரியும் OW. அதுவும் #4 தான்.

ஐந்தாம் வரி கணக்குக்கு அடங்காது. SOS என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று இல்லாத SOS அரைகுறைக் குறிப்புதான். அதையும் கேட்க வேண்டிய பட்டியலில் சேர்த்தோம்.

படி 5: டாக்டரிடம் கேட்பது

கணக்குப் பொருந்தினாலும் இந்த மாதிரி மருந்துக்குப் போன் செய்யத்தான் வேண்டும். கேள்வியைத் திறந்து கேளுங்கள். "மெத்தோட்ரெக்சேட் தினம் ஒன்றுதானே சார்?" என்று கேட்டால் அவசரத்தில் இருக்கிறவர் "ஆமா ஆமா" என்று வைத்துவிடுவார். "மெத்தோட்ரெக்சேட் எப்படிச் சாப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள் சார்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஏழு புள்ளி ஐந்து, ஞாயிறு மட்டும்" என்று புள்ளியையும் கிழமையையும் உச்சரிக்க வேண்டும். அன்று அக்கா கேட்டபோது வந்த பதில், மெத்தோட்ரெக்சேட் ஞாயிறு, ஃபோலிக் ஆசிட் செவ்வாய். உறையின் மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினார்.

பிற்சேர்க்கை 1

கண் மருத்துவப் பிரிவில் பயிற்சி எடுக்கும் ஒரு வாசகி, சொட்டு மருந்து வரியில் OD, QID இரண்டும் சேர்ந்து வந்ததென்று எழுதியிருந்தார். ஒரே மருந்துக்கு ஒரு வேளை, நான்கு வேளை என்று இரண்டும் இருக்க முடியாது. அங்கே OD என்பது வலது கண். OS இடது கண், OU இரு கண்ணும். நம் ஊரில் RE, LE என்று எழுதுவோரே அதிகம் என்பதால் இது கண்ணில் படுவது குறைவு. இன்னொரு குழப்பம்: அமெரிக்கப் புத்தகங்களில் தினம் ஒருமுறை என்பது QD. அது QID போலத் தெரிகிறது என்று 2004-இலேயே அங்கே ஜாயின்ட் கமிஷன் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. யூனிட்டைக் குறிக்கும் U-வும் அதே பட்டியலில்தான் இருக்கிறது; 10U என்பது கையெழுத்தில் 100 ஆகிவிடும்.

பிற்சேர்க்கை 2

"எங்கள் ஊர் டாக்டர்கள் # போட்டு எழுதுவதே இல்லை, என்ன செய்வது?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நியாயம்தான். அப்போது வகுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்குகிற மருந்து என்றால் டாக்டருக்குப் போன் செய்வதைத் தவிர வழி கிடையாது. தொடர்ந்து சாப்பிடுகிற மருந்து என்றால், போன முறை வாங்கிய பட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வாங்கினார், எத்தனை வாங்கினார், இப்போது எத்தனை மிச்சம் என்று கேட்டால் அதே கணக்கைப் போட்டுவிடலாம். ஆனால் அது அவர் எப்படிச் சாப்பிட்டார் என்றுதான் சொல்லும். டாக்டர் எழுதியதும் அதுதானா என்று பழைய சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.