சந்தா இல்லாதவர் எல்லாம் புதியவரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் கோயில் திருவிழாக்களைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுபவர்களுக்கு ஈஸ்டர் முடிந்ததும் ஒரே கேள்விதான்: வழக்கமாகப் பார்ப்பவர்களைத் தாண்டி வீடியோ வெளியே போனதா? Analytics-இல் Audience பக்கத்தைத் திறந்து Watch time from subscribers என்ற பட்டையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டை காட்டுவது பார்த்த நேரத்தின் பங்கு. பார்த்தவர்களின் பங்கு அல்ல.

ஒரு கற்பனைக் கணக்கு. இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா வீடியோவைச் சந்தாதாரர்கள் 1,000 முறை, சராசரியாக 6 நிமிடம் பார்க்கிறார்கள்: 100 மணி நேரம். சந்தா இல்லாதவர்கள் 3,000 முறை, ஆனால் ஒன்றரை நிமிடம்தான்: 75 மணி நேரம். பட்டையில் சந்தாதாரர் பங்கு 57 சதவீதம் என்று வரும். ‘பழைய முகங்கள்தான்’ என்று சோர்ந்துவிடத் தோன்றும். உண்மையில் நான்கு பார்வைகளில் மூன்று வெளியிலிருந்து வந்தவை. ஆகவே Advanced mode-க்குள் போய் Subscription status வாரியாகப் பார்வை எண்ணிக்கையையும் சராசரி நேரத்தையும் தனித்தனியே பாருங்கள்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது: அந்த 3,000 பார்வைகளையும் புதிய மனிதர்கள் என்று கொண்டாடுவது. சந்தா செய்தவரே ஆனாலும் கணக்கில் நுழையாமல் பார்த்தால், அவர் சந்தா இல்லாதவர் பக்கம்தான் எண்ணப்படுவார். சந்தாவே செய்யாத பழைய முகங்களும் உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு விழுகிறது. பெரியம்மா தன் கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறார், மாலையில் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் மறுபடி பார்க்கிறார். வாராவாரம் உங்கள் வீடியோவைப் பார்ப்பவர், சந்தா பொத்தானை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. அவரைப் புதியவர் என்றால் அவரே கோபித்துக்கொள்வார்.

இதைப் பிரித்தறிய, சந்தா இல்லாத பார்வைகளை மட்டும் வடிகட்டி, Traffic source பாருங்கள். External-இல் வாட்ஸ்அப் மேலோங்கினால், பெரும்பாலும் தெரிந்த வட்டமே கைமாற்றியிருக்கிறது. தேடலும் பரிந்துரைகளும் மேலோங்கினால், அறியாதவர்களை எட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கூடவே, அதே Audience பக்கத்தில் புதிய பார்வையாளர் எண்ணிக்கையையும் ஒத்துப் பாருங்கள். அது சந்தாவைப் பார்ப்பதில்லை, அந்தச் சேனலை முன்பு பார்த்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறது.

அந்த எண்ணிலும் திருவிழாச் சேனல்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. ஓராண்டுக்கு மேல் சேனல் பக்கம் வராதவரை யூடியூப் மீண்டும் புதியவராகவே எண்ணுகிறது. புனித வெள்ளி 2024-இல் மார்ச் 29, 2025-இல் ஏப்ரல் 18. ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு மட்டும் வருகிற பக்தர் 2025-இல் ‘புதியவர்’ ஆகிவிடுவார். அதனால் ஈஸ்டர் வீடியோவின் எண்ணை மட்டும் நம்பாமல், அடுத்து ஏற்றும் சாதாரண வீடியோக்கள் இரண்டு மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் முதல் 28 நாள் என்ற ஒரே அளவில் வைத்துப் பாருங்கள்.