செம்பு படிவுக் கணக்கு: தப்பான விடையே தவறைக் காட்டிக்கொடுக்கும்

காப்பர் சல்பேட் கரைசலில் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம் பாய்கிறது. எதிர்மின்வாயில் எவ்வளவு செம்பு படியும்? சரியான விடை 0.296 கிராம். இதே கணக்குக்கு மூன்று தப்பான விடைகள் திரும்பத் திரும்ப வரும். விடையைப் பார்த்தாலே எங்கே சறுக்கியது என்று சொல்லிவிடலாம்.

0.005 கிராம் வந்திருந்தால், நிமிடத்தை நொடியாக மாற்றவில்லை. ஆம்பியர் என்பதே நொடிக்கு ஒரு கூலும். அதனால் நேரம் 1800 நொடி, மின்னூட்டம் 0.5 × 1800 = 900 கூலும். 30 என்று அப்படியே போட்டால் விடை அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

0.592 வந்தால், எலக்ட்ரான் எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள். Cu²⁺ அயனி ஒன்று செம்பாக மாற 2 எலக்ட்ரான் வேண்டும், அதுதான் n. M என்பது செம்பின் மோலார் நிறை, F என்பது ஃபாரடே மாறிலி:

m = (I × t × M) / (n × F) = (0.5 × 1800 × 63.5) / (2 × 96500) = 0.296

இந்த n உலோகத்தின் பெயரோடு ஒட்டிப் பிறந்ததல்ல, கரைசலைப் பொறுத்தது. முலாம் பூசும் பட்டறைகளில் பயன்படும் சயனைடு தொட்டியில் செம்பு Cu⁺ நிலையில் இருக்கும். அங்கே n = 1, கணக்குப்படி 0.592 தான் சரி! ஆகவே 'செம்பு என்றால் 2' என்று மனப்பாடம் செய்யாமல், எதிர்மின்வாயில் நடக்கும் வினையை ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, 0.148. இது கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் செய்வது. சமான நிறை 31.75 என்று எடுத்துக்கொண்டு, சூத்திரத்தில் n இருக்கிறதே என்று மறுபடியும் 2 ஆல் வகுப்பார்கள். 63.5 ஐ 2 ஆல் வகுத்துத்தானே 31.75 வந்தது? சமான நிறையோ மின்வேதிச் சமானமோ எடுத்தால், n அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

சரி, கணக்கு ஒழுங்காகப் போட்டும் ஆய்வகத்தில் எடை ஒத்துவரவில்லையா? முதலில் அம்மீட்டரைச் சந்தேகப்படுங்கள். தொடக்கத்தில் 0.50 காட்டியதைக் குறித்துக்கொண்டு அப்புறம் திரும்பியே பார்க்காவிட்டால் வம்புதான். மின்னோட்டம் சீராக 0.44 வரை இறங்கியிருந்தால் சராசரி 0.47. அப்போது படிய வேண்டியது 0.278 கிராம்தான். சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மின்தடை மாற்றியைத் திருகிச் சரிசெய்தபடி இருக்க வேண்டும்.

அடுத்தது தகட்டைக் கையாளுவது. மின்னோட்டம் மிஞ்சினால் செம்பு இளஞ்சிவப்பாகப் பற்றாமல், கருஞ்சிவப்புத் தூளாக உட்காரும். கழுவும்போது பாதி தண்ணீரோடு போய்விடும். அவசரத்தில் தீயில் காட்டி உலர்த்தினால் நேர்மாறு: மேற்பரப்பு கறுத்து ஆக்சைடு ஆகும், எடை கூடும். மெதுவாக நீரில் அமிழ்த்தி அலசி, அசிட்டோனில் முக்கி, காற்றில் உலரவிட்டு நிறுங்கள். நேர்மின்வாயின் எடை இழப்பை வைத்துச் சரிபார்ப்பதும் நம்பகமில்லை. அதிலிருந்து கரையாத மாசும் துகளும் அடியில் உதிர்ந்து கிடக்கும்.