ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதா? காரணத்தைப் படித்துச் சரிசெய்யும் முறை

கடன் தவணையோ மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபியோ, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் நாச் முறை வழியாக எடுக்கப்படும்போது பவுன்ஸ் ஆனால், பாஸ்புக்கில் பெரும்பாலும் அபராதத் தொகை மட்டும்தான் தெரியும். அதனால் முதல் வேலை, கடன் கொடுத்த நிறுவனத்திடமோ வங்கிக் கிளையிலோ காரணத்தைக் கேட்பது. இப்படி எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியான மேண்டேட்டின் UMRN என்ற அடையாள எண்ணையும் பவுன்ஸ் ஆன தேதியையும் சொன்னால் தேடுவது எளிது.

Balance insufficient

அதிகம் வருவது இதுதான். "கணக்கில் பணம் இருந்ததே!" என்ற குழப்பமும் இதில்தான் வரும். கணக்கில் 8,600 ரூபாய், தவணை 8,450 ரூபாய் என்று வையுங்கள். அதில் 1,000 ரூபாயை வங்கி ‘லீன்’ போட்டு நிறுத்தி வைத்திருந்தால், எடுக்கக் கிடைப்பது 7,600 தான். நாச் பாதித் தொகையை எடுக்காது, முழுசாகத் திருப்பிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது Available balance.

அடுத்த சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. வங்கியின் பவுன்ஸ் கட்டணம் 500 ரூபாய் என்றால், 18% ஜிஎஸ்டியோடு 590. அன்று பணமில்லாததால் அது பாக்கி நிற்கும். மறுபடி அனுப்பப்படும் தவணைக்காக நீங்கள் சரியாகப் பற்றாக்குறையை மட்டும் போட்டால், வங்கி முதலில் தன் 590-ஐ எடுத்துக்கொள்ளும். தவணை இரண்டாம் முறையும் திரும்பும். எனவே லீன், பாக்கிக் கட்டணம், தவணை மூன்றையும் கூட்டி, முந்தின நாள் இரவுக்குள் போட்டு வையுங்கள். தவணைத் தேதியன்றே சம்பளம் வரும் என்று நம்ப வேண்டாம். டெபிட் காலையிலேயே வந்துவிடலாம்.

கையால் கட்டுவதாக இருந்தால், மறுபடி டெபிட் அனுப்புவார்களா என்று முதலில் நிறுவனத்தைக் கேளுங்கள். இல்லையேல் இரண்டு முறை போய்விடும்.

Amount exceeds limit

மேண்டேட்டில் உச்சத் தொகை ஒன்று உண்டு. அது 10,000 என்றிருக்க, வட்டி ஏறியோ அபராதம் சேர்ந்தோ 10,240 கேட்டால் திரும்பும். இங்கே கணக்கில் எவ்வளவு பணம் போட்டாலும் பயனில்லை. நிறுவனத்தின் மூலம் மேண்டேட்டைத் திருத்தவோ புதிதாகப் பதியவோ வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும் என்பதால், இந்தத் தவணையைக் கையால் கட்டிவிடுங்கள். புது மேண்டேட்டில் உச்சத் தொகையைத் தவணையைவிடச் சற்றுத் தாராளமாக வைப்பது நல்லது.

Mandate not registered

மேண்டேட் பதிவாகவே இல்லை, அல்லது ரத்தாகிவிட்டது, காலாவதியாகிவிட்டது. காகிதப் படிவம் என்றால் கையெழுத்து வேறுபாட்டால் நிராகரித்திருப்பார்கள். ஆதார் அல்லது நெட்பேங்கிங் வழியாக இ-மேண்டேட் போட்டால் கையெழுத்துத் தொல்லை இல்லை. பதிவான பின் நிலை Active என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

Account blocked or frozen

கேஒய்சி பாக்கி என்றால் ஆதார், பான் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் தீரும். நீதிமன்றமோ காவல்துறையோ முடக்கியிருந்தால் கிளையால் தானாக விடுவிக்க முடியாது. உத்தரவிட்ட இடத்தின் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை தவணைக்கு வேறு கணக்கிலிருந்து மேண்டேட் கொடுங்கள்.

பணமில்லாமல் திரும்பியதற்காக வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டு Payment and Settlement Systems சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதைக் காசோலை பவுன்ஸ் போலவே குற்றமாக்குகிறது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் அந்தப் பிரிவில் வழக்குத் தொடர முடியாது.