பட்டறைப் பலகையில் அடைப்பு எங்கே?

மன்னார்குடி பக்கம் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறை எங்களுடையது. குறுவை அறுப்பு நெருங்கினால் வண்டிகள் வரிசை கட்டும். கழற்றுதல், வெல்டிங், பூட்டுதல், ஓட்டிப் பார்த்தல் எனப் பலகையில் நான்கு கட்டங்கள். வண்டிக்கு ஓர் அட்டை; வேலை நகர நகர அட்டையும் அடுத்த கட்டத்துக்கு நகரும்.

ஒவ்வொரு கட்டத்தையும் ‘காத்திருக்கிறது’, ‘நடக்கிறது’ என்று இரண்டாகப் பிரித்தேன். அப்போதுதான் தெரிந்தது: வெல்டிங்குக்கு ஏழு அட்டைகள் காத்திருக்க, பூட்டும் கட்டம் காலியாகக் கிடந்தது.

“இன்னொரு ஃபிட்டர் போடலாம்டா” என்றார் அண்ணன்.

“கழற்ற ஆள் கூட்டினா குவியல்தான் உயரும்ணே. பூட்ட ஆள் கூட்டினா அவரும் சும்மாதான் நிப்பாரு.”

வெல்டரைக் கவனித்தேன். துரு தேய்ப்பது, கிரைண்டிங், ராடு வாங்கக் கடைக்குப் போவது என்று பாதிப் பொழுது ஓடியது. அதையெல்லாம் ஹெல்பரிடம் மாற்றினோம். வெல்டிங்குக்கு மூன்று வண்டி காத்திருந்தால் புதிதாக எதையும் கழற்றுவதில்லை. கழற்றுகிறவர்கள் தேய்க்கப் போவார்கள். இரண்டாவது வெல்டர் தேவைப்படவே இல்லை.

அப்புறம் பூட்டுதலுக்கு முன்னால் அட்டை சேர்ந்தது. பேரிங், பெல்ட் வராத வண்டிகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். ஆளைக் கூட்டி அவற்றை நகர்த்த முடியாது. அவற்றைக் கழித்த பிறகும் வரிசை குறையாததால், சரி, இப்போது ஃபிட்டர் தேடுகிறோம்.