ஒரே ரிஸ்க்குக்கு இரண்டு முறை கழிக்காதீர்கள்: நாட்டு ரிஸ்க் பிரீமியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடு ஒன்றில் தொடங்கப்போகும் திட்டத்தை மதிப்பிடும்போது, வருங்கால வரவை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதத்தோடு, அந்த நாட்டின் ஆபத்துக்காக நாட்டு ரிஸ்க் பிரீமியம் என்று ஓர் எண்ணைக் கூட்டுவது வழக்கம். புதிதாக வருபவர்களின் எக்செல் ஷீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் நாங்கள் செய்த கோளாறுகளே புது ஃபான்ட்டில் திரும்பி வருகின்றன. கூட்டல் பிழை, தப்பான செல்லுக்கு லிங்க் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே கண்ணில் படும். கண்ணில் படாதவைதான் பணத்தைத் தின்கின்றன.

நிறுவனம் எங்கே பதிவானது என்று பார்ப்பது

வருமானம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, தொழில் எந்த நாட்டில் நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரே ரிஸ்க்கை இரண்டு இடத்தில் கழிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் பார்த்த ஒரு ஷீட்டில் ஒவ்வொரு வருட வரவிலும் 15 சதவீதம் வெட்டப்பட்டிருந்தது. தள்ளுபடி விகிதத்திலும் 5 புள்ளி கூட்டியிருந்தார்கள்.

"வரவுல 15 சதவீதம் எதுக்குக் கழிச்சிருக்கீங்க?"

"அரசாங்கம் திட்டத்தைக் கையகப்படுத்திடலாம், டாலரை வெளியே எடுக்க விடாம பண்ணலாம். அதுக்குத்தான் சார்."

"அப்ப அந்த 5?"

"அதுவும் அதுக்குத்தான் சார்."

இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் இல்லாத ஒரு திட்டம். முதலீடு 10 கோடி டாலர், எல்லாம் நல்லபடி நடந்தால் 10 வருடத்துக்கு ஆண்டுதோறும் 2.2 கோடி டாலர் வரும். நாட்டு ரிஸ்க் எதுவும் சேர்க்காத விகிதம் 10 சதவீதம். அந்த விகிதத்தில் வரவுகளின் இன்றைய மதிப்பு சுமார் 13.5 கோடி.

விகிதத்தை மட்டும் 15 ஆக்கினால் மதிப்பு சுமார் 11.04 கோடி. விகிதத்தைத் தொடாமல் வரவை மட்டும் 15 சதவீதம் வெட்டினால் சுமார் 11.5 கோடி. இரண்டு வழியிலும் திட்டம் ஒரு கோடிக்கு மேல் மிச்சம் தருகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 9.4 கோடிக்கு இறங்கிவிடும். நிகர மதிப்பு எதிர்மறையாகிவிடுவதால் நல்ல திட்டம் முதலீட்டுக் குழுவின் மேஜையிலேயே செத்துப்போகும். அப்படி நிராகரித்த குழுவை யாரும் குறை சொல்வதில்லை. எடுக்காத திட்டத்தின் லாபம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாதே.

"வரவைக் கழித்தது சராசரிக்காக, பிரீமியம் கூட்டியது நிச்சயமின்மைக்காக. இரண்டும் வேறு வேறுதானே?" என்று விவரமானவர்கள் கேட்பார்கள். பாதி சரி. அந்தப் பிரீமியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மீதிப் பாதி விளங்கும். பெரும்பாலும் அந்நாட்டு அரசின் டாலர் பத்திரம் அமெரிக்க அரசுப் பத்திரத்தைவிட எவ்வளவு அதிக வட்டி தருகிறது என்று பார்ப்பார்கள். அந்த இடைவெளி 3.3 புள்ளி என்று வையுங்கள். பங்குச் சந்தை, பத்திரச் சந்தையைவிட அதிகமாக ஆடும் என்பதால் அதை 1.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 வரும்.

ஆனால் அந்த 3.3 முழுவதும் நிச்சயமின்மைக்கான கூலி அல்ல. பத்திரம் தருவதாகச் சொன்ன வட்டியைத்தான் நாம் அளந்தோம், சராசரியாகக் கைக்கு வரப்போகும் வட்டியை அல்ல. அரசு கடனைத் திருப்பித் தராமல் போக வருடத்துக்கு 3 சதவீத வாய்ப்பு, அப்படி நடந்தால் 60 சதவீதம் நட்டம் என்றால், எதிர்பார்க்கும் இழப்பு மட்டுமே 1.8 புள்ளி. உண்மையான ரிஸ்க் கூலி மிச்சமுள்ள 1.5தான். வரவை ஏற்கெனவே சராசரிக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் இந்த 1.5ஐத்தான் 1.5ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும், அதாவது 2.25 புள்ளி. 12.25 சதவீதத்தில், வெட்டிய வரவுகளின் மதிப்பு சுமார் 10.46 கோடி. மெல்லிய லாபம்தான், ஆனாலும் லாபம். அந்த 3 சதவீதம், 60 சதவீதம் எல்லாம் கணிப்புதான், துல்லியமாகத் தெரியாது. அதற்காக முழு 5ஐயும் தூக்கி வைப்பது எச்சரிக்கை ஆகிவிடாது.

வரவைத் தொடாமல் 5 புள்ளியை மட்டும் கூட்டுபவர்களிடம் நான் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். வருடத்துக்கு p என்ற வாய்ப்பில் எல்லா வரவும் ஒரேயடியாக நின்றுபோகும் என்றால், அதற்குச் சமமான விகிதம் இது:

```
(1+r)/(1-p) - 1
```

r 10 சதவீதம், கிடைக்க வேண்டியது 15 சதவீதம் என்று போட்டால் p சுமார் 4.35 சதவீதம் வரும். 10 வருடம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 64 சதவீதம்தான். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பில் திட்டம் பறிபோகும் என்று நம்புவதற்குச் சமம். அதை நம்புகிறீர்களா என்று கேட்டால் பலர், "அவ்வளவெல்லாம் இல்லை சார்" என்பார்கள். சரி, அப்படியானால் 5ஐயும் குறையுங்கள்.

காப்பீட்டை மறப்பது

உலக வங்கிக் குழுமத்தின் மிகா போன்ற அமைப்புகள் கையகப்படுத்தல், பணத்தை மாற்றி அனுப்ப முடியாமை, போர் ஆகியவற்றுக்குக் காப்பீடு தருகின்றன. அதன் கட்டணத்தைச் செலவில் எழுதிவிட்டு, நாட்டு ரிஸ்க் பிரீமியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காமல் விடுவதும் அதே இரட்டைக் கழிப்புதான்.

கடன் வட்டியிலும் பிரீமியம் கூட்டுவது

மேலே சொன்னது கடனற்ற திட்டம். 40 சதவீதம் கடன் இருந்தால், வங்கி சொல்லும் வட்டியிலேயே அந்த நாட்டின் ரிஸ்க் அடங்கியிருக்கும். பங்கு மூலதனத்துக்கு மட்டும் 5 கூட்டுங்கள். சராசரி மூலதனச் செலவு 3 புள்ளிதான் ஏறும், 5 அல்ல.

எல்லா வருடமும் ஒரே ஆபத்து என்று நினைப்பது

தட்டையான பிரீமியம் தூரத்து வருடங்களைத்தான் அதிகம் நசுக்கும். நம் திட்டத்தில் உரிமம் உறுதியாவது முதல் வருடத்திலேயே முடிந்துவிடும், அங்கே மட்டும் 10 சதவீத ஆபத்து, அப்புறம் இல்லை என்று வையுங்கள். அப்போது 13.5 கோடியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும், மதிப்பு 12.2 கோடி. 5 புள்ளியைப் பத்து வருடமும் கூட்டினால் வருவது 11.04 கோடி. ஆபத்து எந்த வருடத்தில் இருக்கிறது என்று கேட்காததற்கு ஒரு கோடிக்கு மேல் விலை. 20 வருடத் திட்டமென்றால் அதே 5 புள்ளி, பிழைக்கும் வாய்ப்பை 41 சதவீதம் என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

அட்டவணையிலிருந்து எண்ணை அப்படியே எடுப்பது

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் ஆண்டுதோறும் வெளியிடும் நாடுவாரி அட்டவணை நல்ல தொடக்கம். ஆனால் பங்கு முதலீட்டுக்கான எண் அது, மேலே சொன்ன பெருக்கல் ஏற்கெனவே அதில் அடங்கியிருக்கும்.

உள்ளூர் நாணயம்

அந்நாட்டு அரசுப் பத்திரத்தின் உள்ளூர் வட்டியை ரிஸ்க் இல்லாத விகிதமாக எடுத்து, அதன்மேல் பிரீமியமும் கூட்டினால் அரசு கடனைத் தராமல் போகும் ரிஸ்க் இரண்டாம் முறை உள்ளே வந்துவிடும். முதலில் அதைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் டாலரிலேயே விகிதத்தைக் கட்டிவிட்டு, பணவீக்க வித்தியாசத்தால் மாற்றுங்கள். டாலரில் 10 சதவீதம், உள்ளூர்ப் பணவீக்கம் 8, அமெரிக்காவில் 2 என்றால்:

```
1.10 × 1.08 / 1.02 - 1 = 16.5%
```

வரவுகளும் அதே 8 சதவீதப் பணவீக்கத்தை வைத்துக் கணித்தவையா என்று பார்த்துவிட்டு இந்த 16.5ஐப் போடுங்கள்.